சீப்பு எங்கே போனது?

கேள்வி: பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். மகள் தமிழ்ப்பள்ளியில் 2-ஆம் ஆண்டு படிக்கிறாள். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம், அதை மாற்ற விருப்பமில்லை. மலாய் ஓரளவு வந்துவிட்டது. ஆங்கிலம் என்றால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறாள். டியூஷனுக்கு அனுப்பாமல், அவளை நெருக்காமல், விளையாட்டாகவே ஆங்கிலச் சொற்களைச் சேர்க்க வழி உண்டா?

பதில்:

உண்டு. அதற்கு வேண்டியவை ஒரு தட்டு, அதை மூடுவதற்கு ஒரு துணி, வீட்டில் கிடக்கும் 8 பொருள்கள், மாலையில் 10 நிமிடம். பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளில் பல ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் நான். பத்து விளையாட்டுகளின் பெயர்களைச் சொல்லிவிட்டு நகர்வதைவிட, அத்தனையையும் ஆடிப்பார்த்தபின் கையில் எஞ்சி நின்ற ஒன்றை முழுமையாக விளக்குவதே உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். ஒரே தட்டு நான்கு விதமாக ஆடப்படும். ஒவ்வொரு விதமும் வேறொரு வகைச் சொல்லைக் கொண்டுவரும்.

முதலில் தட்டில் எதை வைப்பது என்பதைப் பார்ப்போம், ஏனெனில் பெரும்பாலான பெற்றோர் சறுக்கும் இடம் அதுதான். பழங்கள் பத்து, நிறங்கள் பத்து, விலங்குகள் பத்து என்று ஒரே இனமாகத் திரட்டிக் கற்பிப்பது ஒழுங்காகத் தோன்றும்; கடையில் விற்கும் சுவரொட்டிகளும் அப்படித்தான் அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் ஒரே இனத்துப் புதிய சொற்கள் ஒரே நாளில் உள்ளே போகும்போது அவை ஒன்றையொன்று மிதித்துக்கொள்கின்றன. என் பேரனுக்கு ஸ்பூன், ஃபோர்க், நைஃப் மூன்றையும் ஒரே வேளையில் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தவன் நானேதான். மூன்று சொற்களும் அவனுக்கு வந்துவிட்டன, எது எதற்கு என்பது மட்டும் பல மாதங்கள் வரவில்லை. முள்கரண்டியைக் காட்டினால் ஒரு கணம் யோசித்து 'ஸ்பூன்' என்பான். கற்பித்த என் பிழை அது. ஆகவே தட்டில் வைக்கும் புதிய பொருள்கள் இனத்தால் வேறுபட்டிருக்க வேண்டும். சொல்லின் தொடக்க ஒலியும் வேறுபட்டிருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது, 8 பொருள்களும் புதியவையாக இருக்கக் கூடாது. நான்கு அவள் ஏற்கெனவே அறிந்தவை, நான்கு புதியவை என்பது என் கணக்கு. அறிந்த நான்கும் அவளுக்குத் துணிவு கொடுக்கும். அவற்றில் வெற்றி பெற்ற சூட்டிலேயே மற்ற நான்கையும் முயன்று பார்ப்பாள். எடுத்துக்காட்டாக, முதல் வாரத்துக்கு ஸ்பூன், பென்சில், கீ, கப் ஆகிய நான்கையும் அறிந்தவையாக வைத்துக்கொள்ளலாம். புதியவையாக ஒரு சீப்பு, சட்டையிலிருந்து கழன்ற ஒரு பொத்தான், ஒரு மெழுகுவர்த்தி, பத்து ஃபெரிங்கி கடற்கரையில் பொறுக்கிய ஒரு கிளிஞ்சல் ஆகியவற்றை வைக்கலாம். அதாவது கோம், பட்டன், கேண்டில், ஷெல். சீப்புக்கு ஆங்கிலத்தில் 'கோம்' என்பதுடன் நிறுத்த வேண்டும். கடைசி எழுத்து எழுத்தில் உண்டு, ஒலியில் இல்லை. அதைப் பார்த்துவிட்டு 'கோம்ப்' என்று நாம் சொல்லிக்கொடுத்தால் அந்த உச்சரிப்பே குழந்தையிடம் நிலைத்துவிடும்.

முதல் ஆட்டத்தில் குழந்தை பேசவே வேண்டியதில்லை. வாயை மூடிக்கொள்கிறாள் என்று நீங்கள் வருந்துகிறீர்கள். முதல் 2, 3 நாள்கள் அவள் தாராளமாக மூடிக்கொண்டிருக்கட்டும். முதல் முறை மட்டும் ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்து, தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்லுங்கள். தமிழைத் தவிர்த்தால்தான் ஆங்கிலம் வரும் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. சீப்பு என்றால் என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த அறிவைச் சுற்றிவளைத்து மீண்டும் உண்டாக்குவது வீண் வேலை. அதன்பின் ஆங்கிலப் பெயரை மட்டும் சொல்லி, அவள் எடுத்துத் தர வேண்டும். அவள் தந்ததும் நீங்கள், 'யெஸ், எ கோம்' என்று மறுபடி ஒருமுறை சொல்ல வேண்டும். இப்படி ஒரு மாலையில் ஒவ்வொரு சொல்லையும் 5, 6 முறை அவள் கேட்டுவிடுவாள்.

இங்கே ஒரு தந்திரம் உண்டு. மூன்றாம் நாள் நீங்கள் வேண்டுமென்றே தவறு செய்யுங்கள். சீப்பைத் தூக்கிப் பிடித்து, முகத்தைச் சற்றும் மாற்றிக்கொள்ளாமல், 'இஸ் திஸ் எ கேண்டில்?' என்று கேளுங்கள். அம்மா தவறு செய்வதைப் பார்த்த குழந்தை சும்மா இருக்காது. முதலில் 'நோ!' என்பாள், பிறகு தன்னையறியாமலே, 'கோம்!' என்பாள். பேசு பேசு என்று கெஞ்சியபோது வராத சொல் திருத்தும் ஆசையில் வந்துவிடும். வகுப்பில் எத்தனையோ அமைதியான பிள்ளைகள் இந்த ஒரு வழியில்தான் முதன்முதலில் என்னிடம் ஆங்கிலத்தில் வாய் திறந்தார்கள்.

இரண்டாம் ஆட்டம்தான் இந்தத் தட்டின் உயிர். 8 பொருள்களையும் அவள் பார்க்கட்டும். பின்பு அவள் கண்ணை மூட, நீங்கள் தட்டைத் துணியால் மூடி, ஒரு பொருளை எடுத்து மறைத்துவிட்டு, துணியை நீக்கி, 'வாட்ஸ் மிஸ்ஸிங்?' என்று கேட்க வேண்டும். சீப்பு போயிருந்தால், 'த கோம்' என்று சொன்னால்தான் அது திரும்ப வரும். முதல் ஆட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பார்வைக்குச் சிறிது, மூளைக்குப் பெரிது. அங்கே பொருள் கண்முன் இருந்தது, சொல்லும் காதில் விழுந்தது. இரண்டையும் பொருத்தினால் போதும். இங்கே பொருளும் இல்லை, சொல்லும் கொடுக்கப்படவில்லை; இரண்டையும் நினைவிலிருந்து அவளே இழுத்தெடுக்க வேண்டும். அப்படி இழுத்தெடுக்கும் ஒவ்வொரு முறையும் சொல் ஆழமாக இறங்கும். பத்து முறை கேட்பதைவிட, ஒருமுறை சிரமப்பட்டு நினைவுகூர்வது அதிக வேலை செய்யும்.

இந்த ஆட்டத்தில் குழந்தைகள் நம்மை ஏமாற்றும் வழியொன்றும் உண்டு. மேல் வரிசையில் இரண்டாவது இடம் காலியாக இருந்தால் அங்கே இருந்தது சீப்பு என்று இடத்தை நினைவில் வைத்துக்கொள்வார்கள். சொல் வெளிவந்தால் அதுவும் பரவாயில்லைதான், ஆனால் அப்போது அவள் தட்டின் படத்தை மனப்பாடம் செய்கிறாள். எனவே துணிக்கு அடியில் பொருள்களை ஒவ்வொரு முறையும் இடம் மாற்றிவிடுங்கள். இன்னொன்று, அதே எஃகு ஸ்பூனையே ஒரு வாரம் வைத்திருந்தால் அந்த ஒன்றுக்கு மட்டுமே ஸ்பூன் என்று பெயர் என ஒட்டிக்கொள்ளும். சனிக்கிழமை அதை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் ஸ்பூனை வையுங்கள். நீலச் சீப்புக்குப் பதில் பாட்டியின் மரச்சீப்பை வையுங்கள். அவள் தயங்காமல் பெயர் சொன்னால் சொல் பொருளின் வகையைப் பற்றிக்கொண்டுவிட்டது என்று அறியலாம்.

பிறகு முறை மாறட்டும். அவள் மறைக்க, நீங்கள் கண்டுபிடியுங்கள். இதில்தான் நான் நீண்ட காலம் கவனிக்கத் தவறிய ஒன்று இருக்கிறது. தட்டில் வைத்த சொற்களைவிட, ஆட்டத்தை நடத்தப் பயன்படும் சொற்களே குழந்தையிடம் விரைவாக ஒட்டுகின்றன. மை டர்ன், யுவர் டர்ன், க்ளோஸ் யுவர் ஐஸ், கவர் இட், நோ பீக்கிங், ட்ரை அகெய்ன் ஆகியவை ஒவ்வொரு சுற்றிலும் வரும். ஒவ்வொன்றுக்கும் உடனடித் தேவை இருக்கும். ஒரு வாரத்தில் உங்கள் மகள் உங்களைப் பார்த்து, 'நோ பீக்கிங்!' என்று அதட்டினால் வியக்க வேண்டாம். ஆகவே ஆட்டத்தின் பேச்சை நீங்கள் எப்போதும் ஒரே மாதிரி, ஒரே ஆங்கிலச் சொற்றொடர்களில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் ஒன்று, மறுநாள் வேறொன்று என்று மாற்ற வேண்டாம். விளக்கம், சண்டை, சமாதானம் எல்லாம் தமிழிலேயே இருக்கட்டும்.

அவள் தவறாக உச்சரித்தால் ஆட்டத்தை நிறுத்தித் திருத்தாதீர்கள். 'கேன்டி மிஸ்ஸிங்' என்று அவள் சொன்னால், 'யெஸ், த கேண்டில் இஸ் மிஸ்ஸிங்' என்று நீங்கள் முழுமையாகச் சொல்லியபடி மெழுகுவர்த்தியைக் கையில் கொடுத்துவிடுங்கள். திருத்தம் அதிலேயே இருக்கிறது. அடுத்த சுற்றிலோ அடுத்த நாளோ அவளே சரிசெய்துகொள்வாள்.

மூன்றாம் ஆட்டத்துக்குத் தட்டை விட்டுவிட்டு, அதே பொருள்களை ஒரு துணிப்பையில் போடுங்கள். கையை உள்ளே விட்டு, பார்க்காமல் தடவி, இன்னது என்று சொல்ல வேண்டும். இங்கே பெயர்ச்சொற்கள் பழையவை, பண்புச்சொற்கள் புதியவை: ஹார்ட், சாஃப்ட், ஸ்மூத், ரஃப். கிளிஞ்சலின் உட்புறம் வழவழப்பாகவும் வெளிப்புறம் சொரசொரப்பாகவும் இருப்பதால், ஒரே பொருளில் இரண்டு சொற்களையும் அவள் விரலே கற்றுக்கொடுத்துவிடும். ஆனால் எதிர்ச்சொற்களை ஒரே நாளில் கொடுக்காதீர்கள். முன்பு சொன்ன ஸ்பூன், ஃபோர்க் குழப்பம் இங்கே இரட்டிப்பாக வரும். ஸ்மூத் மட்டும் முதலில் வரட்டும். அது உறுதியானபின், 3, 4 நாள் கழித்து, ரஃப் வரலாம்.

நான்காம் ஆட்டம் தமிழ் பேசும் குழந்தைக்கென்றே தேவைப்படுவது. தமிழில் மேசையில் புத்தகம் இருக்கிறது என்கிறோம்; பெட்டியிலும் இருக்கிறது என்கிறோம். ஒரே 'இல்' இரண்டுக்கும் போதும். ஆங்கிலத்துக்குப் போதாது. பெட்டிக்கு 'இன்', மேசைக்கு 'ஆன்' என்று பிரித்தே ஆக வேண்டும். பாடப்புத்தகத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சியில் இது ஒட்டுவதில்லை. கையால் செய்தால் ஒட்டுகிறது. எனவே கட்டளை விளையாட்டாக ஆடுங்கள். 'புட் த ஷெல் இன் த கப்' என்றால் அவள் கிளிஞ்சலைக் கோப்பைக்குள் போட வேண்டும். 'புட் த பட்டன் ஆன் த ஸ்பூன்' என்றால் கரண்டி மேல் பொத்தானை வைக்க வேண்டும். பிறகு அண்டர், பிஹைண்ட். மூன்றாவது நாளிலிருந்து அவள் கட்டளையிட, நீங்கள் செய்யுங்கள். 'புட் த கீ அண்டர் அப்பா' என்று அவள் சொன்னால், தந்தையார் சற்று எழுந்துதான் ஆக வேண்டும்.

இவ்வளவையும் எத்தனை நாளில் முடிப்பது? வாரத்துக்கு 4 புதிய சொற்கள், அவற்றோடு ஆட்டப் பேச்சில் வரும் சில சொற்றொடர்கள். குறைவாகத் தோன்றலாம். ஆனால் வாரம் 20 சொல் கொடுத்து 3 மட்டும் தங்குவதைவிட இது மேல். அதோடு தட்டிலிருந்து இறங்கிய சொற்கள் எங்கும் போய்விடக் கூடாது. ஒரு பழைய பிஸ்கட் டின்னை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஆடிமுடித்த நான்கு பொருள்களும் அதற்குள் போகட்டும். அடுத்த வாரம் புதன்கிழமை அந்த டின்னிலிருந்து ஏதாவது ஒன்றை எடுத்துத் தட்டில் சேருங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும், ஒரு மாதம் கழித்து மறுபடியும். அவள் ஏறத்தாழ மறக்கும் நேரத்தில் அது திரும்பி வர வேண்டும். மறந்தே போயிருந்தால் பாதகமில்லை, அது மீண்டும் அந்த வாரத்தின் நான்கில் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

தட்டுக்கு வெளியே ஆடுவதற்கு இன்னொன்று சொல்கிறேன். இது நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் வாய்த்த வசதி. உங்கள் மகளுக்கு மலாய் ஓரளவு வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவளுக்குப் பல ஆங்கிலச் சொற்கள் இப்போதே தெரியும். தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பாஸ், திக்கெட், கிலினிக், பிஸ்குட், எப்பல், கேக், போத்தோல் என்று மலாயில் அவள் சொல்பவை எல்லாம் ஆங்கிலத்திலிருந்து மலாய்க்குப் போனவை. இன்னும் சில மூன்று மொழியிலும் உறவாடும். பொத்தான், மலாயில் பூத்தாங், ஆங்கிலத்தில் பட்டன். துவாலை, மலாயில் துவாலா, ஆங்கிலத்தில் டவல். தமிழுக்கும் மலாய்க்கும் இவை போர்த்துக்கீசியர் வழியாக வந்தன. ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு வழியாகப் போன அதே குடும்பத்துச் சொற்கள். இந்த உறவுக்காரர்களைக் கண்டுபிடிப்பதே விளையாட்டு. கடைக்குப் போய்வரும் வழியில் ஓர் உறவுச்சொல்லைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு புள்ளி என்று வையுங்கள்.

வீட்டிலேயே ஆட வேண்டுமென்றால் சமையலறை அலமாரி போதும். பெரும்பாலான பொட்டலங்களில் மலாயும் ஆங்கிலமும் அருகருகே அச்சிடப்பட்டிருக்கும். உப்புப் பொட்டலத்தைக் கொடுத்து, மலாயில் எது, ஆங்கிலத்தில் எது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். காராம் தெரிந்த குழந்தை, மற்றது சால்ட் என்று தானே முடிவுக்கு வருவாள். தானாக முடிவுக்கு வந்த சொல்லுக்கு ஆயுள் அதிகம். அரிசி மூட்டைக்கு வரும்போது ஒரு சுவையான இடம் காத்திருக்கிறது. நமக்கு நெல், அரிசி, சோறு என்று மூன்று. மலாயிலும் பாடி, பெராஸ், நாசி என்று அதே மூன்று. ஆங்கிலமோ அரிசிக்கும் சோற்றுக்கும் ரைஸ் என்ற ஒன்றையே வைத்துக்கொண்டு சமாளிக்கிறது. நெல்லுக்குரிய பேடி என்ற சொல்லையும் மலாயிடமிருந்துதான் வாங்கிக்கொண்டது. ஆங்கிலத்தில் சொல் குறைவாக இருக்கும் இடமும் உண்டு என்று அறிந்தபோது என் மாணவி ஒருத்தி கண்ணை அகல விரித்ததை நான் மறக்கவில்லை. அதுவரை அவளுக்கு ஆங்கிலம் என்பது எல்லாம் தெரிந்த, தன்னை மட்டம்தட்டும் ஒருவரைப் போல இருந்திருக்கிறது.

இந்த உறவு விளையாட்டில் பொறிகளும் உண்டு. ஜாம் என்றால் மலாயில் மணி, கடிகாரம். ஆங்கிலத்தில் ரொட்டியில் தடவுவது. தண்ணீரைக் குறிக்கும் ஆயெர் என்ற மலாய்ச் சொல்லின் அதே மூன்று எழுத்துகளை ஆங்கிலத்தில் ஏர் என்று படித்தால் அது காற்று. விளையாடு என்று பொருள்படும் மாயினும் எழுத்தில் ஆங்கிலத்தின் மெய்ன் போலவே இருக்கும். இவற்றை முதலிலேயே சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். உறவுச் சொற்கள் 15, 20 சேர்ந்தபின் ஒருநாள், 'போலி உறவினர்கள்' என்று தனி ஆட்டமாக அறிமுகப்படுத்துங்கள். ஒரு போலியைப் பிடித்தால் 2 புள்ளிகள்.

ஒலி பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் சொல் தெரிந்தும் குழந்தை தவறாகக் கேட்கும் இடம் இது. பேரிக்காயையும் கரடியையும் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தமிழ் எழுத்தில் எழுதுங்கள். இரண்டும் 'பேர்' என்றுதான் வரும். மேலங்கியும் ஆடும் 'கோட்'. குண்டூசியும் குப்பைத்தொட்டியும் 'பின்'. நம் எழுத்து இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. ஆங்கிலச் சொற்களுக்கு மேல் தமிழில் உச்சரிப்பு எழுதிப் படிக்கும் பழக்கமுள்ள பிள்ளைகளுக்கு இந்த இரட்டைகள் ஒன்றாகவே பதிந்துவிடும். எனவே அந்தப் பழக்கத்தை மட்டும் வளர விடாதீர்கள். ஆனால் உங்கள் மகளின் காது இந்த வேறுபாட்டை ஏற்கெனவே அறியும். மலாயில் காலைப்பொழுதுக்கும், கொடு என்பதற்கும் உரிய சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'பாகி'. அவளோ இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டாள். அதை அவளுக்குச் சுட்டிக்காட்டுங்கள். பிறகு மெல்லிய டிஷ்யூ தாள் ஒரு கீற்றை அவள் உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டு, பேரிக்காயின் பேரைச் சொல்லச் சொல்லுங்கள். காற்று வெடித்துத் தாள் படபடக்க வேண்டும். கரடியின் பேருக்குத் தாள் ஏறத்தாழ அசையாமல் இருக்க வேண்டும். ஒரு பக்கம் பேரிக்காய்ப் படம், மறுபக்கம் கரடிப் படம் வைத்து, நீங்கள் சொல்வது எது என்று அவள் தாவித் தொடுவது அடுத்த படி. 5 நிமிடத்துக்கு மேல் இதை நீட்டினால் சலித்துவிடும்.

எழுத்துக்கட்டை வைத்துச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள், ஒவ்வொரு எழுத்தாக ஊகிக்கும் விளையாட்டு ஆகியவற்றைப் பலர் பரிந்துரைப்பார்கள். அவை நல்ல விளையாட்டுகள்தாம், ஆனால் தெரிந்த சொல்லின் எழுத்துகளைச் சோதிப்பவை அவை. தெரியாத சொல்லைத் தருவதில்லை. சொல்வளம் குறைந்த குழந்தை அவற்றில் தோற்றுக்கொண்டே இருக்கும். 5-ஆம் ஆண்டில் ஆடட்டும். கைப்பேசி விளையாட்டுகளில் ஒரு சோதனை போதும்: ஒலியை முழுவதும் அடக்கிவிட்டு ஆடச் சொல்லுங்கள். ஒலியின்றியே அவள் வென்றுகொண்டிருந்தால், படத்தைப் பார்த்துத் தட்டுகிறாளே தவிரச் சொல்லைக் கேட்கவில்லை என்று பொருள்.

முன்னேற்றத்தை எப்படி அறிவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஒரு மாதத்தில் கேட்பீர்கள். சொன்னால் எடுத்துத் தருவது முதல் படி. பார்த்தால் பெயர் சொல்வது இரண்டாவது. பொருள் கண்முன் இல்லாதபோது, ஆட்டமும் நடக்காதபோது, தேவைக்காக அந்தச் சொல் வருவது மூன்றாவது. முதல் படிக்கும் மூன்றாவதற்கும் இடையே சில சொற்களுக்கு ஒரு வாரமும் சிலவற்றுக்கு 2 மாதமும் ஆகலாம், அது குறையன்று. மூன்றாவது படியைத் தேர்வு வைத்துப் பார்க்க முடியாது. ஆகவே பிஸ்கட் டின்னின் மூடியில் ஒரு தாள் ஒட்டி, அவளாகவே எங்காவது ஒரு சொல்லைப் பயன்படுத்தியதைக் கேட்டால் மட்டும் அந்தச் சொல்லையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. கையில் எடுக்கக்கூடிய, தொடக்கூடிய, செய்துகாட்டக்கூடிய சொற்களையே தட்டு கற்றுத்தரும். பிகாஸ், ஆல்வேஸ், பிராமிஸ் போன்றவை தட்டில் வராது. அவை கதை கேட்டும் படித்தும்தான் வரும். வீட்டுத் தட்டில் 60, 70 சொற்கள் சேர்ந்தபின், படமும் ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரியும் உள்ள மெல்லிய ஆங்கிலக் கதைநூல்களைத் தொடங்கலாம். ஒரு பக்கத்தில் தெரியாத சொல் இரண்டுக்கு மேல் இருந்தால் அந்த நூலை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

தம்பி, தங்கை யாரேனும் இருந்தால் கடைசியாக ஒரு சொல். இளையவர்கள் உடன் ஆடுவது நல்லது, அவள் ஆசிரியையாகிவிடுவாள். ஆங்கிலம் நன்றாக வரும் அண்ணன் அக்காவை உடன் சேர்த்தால், அவர்கள் முந்திக்கொண்டு பதில் சொல்ல, இவள் மறுபடி வாயை மூடிக்கொள்வாள். அவர்களுக்குத் துணியைத் தூக்கி மூடும் வேலையை மட்டும் கொடுங்கள்.